முழங்கால் மடங்குவதற்கு முன் நிமிர வேண்டும்: மூட்டு மாற்றிய பின் முதல் 12 வாரங்கள்

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களிடம் உறவினர்கள் தவறாமல் கேட்பது, "கால் எவ்வளவு மடங்குகிறது?" என்பதுதான். கால் முழுமையாக நிமிர்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இயன்முறை மருத்துவராக இத்தகைய நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துவரும் எனக்கு, இந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்று உறுதியாகத் தோன்றுகிறது. மடக்கம் மூன்று மாதங்களுக்குப் பிறகும் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டிருக்கும். நிமிர்வு அப்படியல்ல, முதல் ஆறு வாரங்களில் அதை விட்டுவிட்டால் பிறகு மீட்பது மிகவும் கடினம்.

அறுவைக்குப் பிறகு மூட்டுக்குள் நீர் கோத்து வீக்கம் இருக்கும். முழங்கால் சற்று மடங்கியிருக்கும்போது மூட்டு உறைக்குள் இடம் அதிகம் என்பதால், அந்த நிலையில் அழுத்தம் குறைந்து வலியும் குறைகிறது. ஆகவே நோயாளி தன்னையறியாமல் காலை மடக்கியே வைத்துக்கொள்கிறார். அவர் படும் வேதனையைக் கண்டு வீட்டில் உள்ளவர்கள் முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணையை வைக்கிறார்கள். அன்றைய இரவுக்கு அது ஆறுதல் தருகிறது என்பது உண்மை. ஆனால் புண் ஆறி வரும் அந்த நாட்களில்தான் மூட்டின் பின்பக்க உறையும் தொடையின் பின்பக்கத் தசைநார்களும் இருக்கும் நிலைக்கேற்பச் சுருங்கி இறுகுகின்றன. 10, 15 பாகை மடங்கிய நிலையிலேயே கால் நின்றுவிட்டால், சும்மா நிற்பதற்குக்கூட முன்தொடைத் தசை ஓயாமல் உழைக்க வேண்டியிருக்கும். அந்தக் கால் சற்றுக் குட்டையானதுபோல் ஆகி நடையில் சாய்வு வரும். காலப்போக்கில் இடுப்பும் மறு முழங்காலும் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ளும்.

வலது முழங்கால் மாற்றப்பட்டு மூன்றாவது வாரத்தில் வந்த, 64 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் நிலை இதைத் தெளிவாகக் காட்டும். தையல் பிரிக்கப்பட்டு, காயம் நன்றாக ஆறியிருந்தது. அவரைக் கடினமான மேசையில் படுக்கவைத்து, குதிகாலுக்கு அடியில் மட்டும் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, கோணமானியால் அளந்தபோது, முழு நிமிர்வுக்கு 15 பாகை குறைவாக இருந்தது. மடக்கம் 75 பாகை. முழங்கால் சிப்பியின் நடுவில் அளவு நாடாவைச் சுற்றிப் பார்த்ததில், மறுகாலைவிடச் சுற்றளவு 4 சென்டிமீட்டர் அதிகம். "அத்தைக்கு வலி தாங்க முடியல சார், தலைகாணி வெச்சாதான் தூங்குறாங்க" என்றார் உடன் வந்த மருமகள். அவர் அன்போடு செய்த காரியம் அது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது யாரேனும் எடுத்துச் சொல்லியிருந்தால் அவரே அந்தத் தலையணையை எடுத்திருப்பார்.

முதல் மாற்றம் தலையணையின் இடம்தான். அது முழங்காலுக்கு அடியிலிருந்து குதிகாலுக்கும் கணுக்காலுக்கும் அடியில் போனது. கெண்டைக்காலும் முழங்காலும் எதன்மீதும் தாங்காமல் அந்தரத்தில் இருக்கும். காலின் எடையே முழங்காலை மெல்லக் கீழே இறக்கும். தொடக்கத்தில் 5 நிமிடம், பழகப் பழக 10 நிமிடம், நாளொன்றுக்கு நான்கு முறை. முழங்காலின் பின்புறம் இழுப்பது போன்ற உணர்வு வரும், அது எதிர்பார்க்கப்படுவதே. கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடாமல், பாதமும் சிப்பியும் கூரையை நோக்கி இருக்கும்படி பார்த்துக்கொள்வது வீட்டாரின் வேலை. சாய்ந்த காலில் முழங்கால் மடங்கிக்கொள்ளும் என்பதால் பயிற்சியின் பலன் போய்விடும்.

அதே நிலையில் அடுத்த பயிற்சி: முன்தொடைத் தசையை இறுக்கி, முழங்காலின் பின்புறத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணும் வரை பிடித்து விட வேண்டும். பத்து முறை செய்தால் ஒரு சுற்று. மூட்டில் வீக்கம் இருக்கும்வரை இந்தத் தசைக்கு மூளையிலிருந்து வரும் கட்டளை தடைப்படுகிறது. அதனால் நோயாளி முயன்றாலும் தசை அசையாமல் கிடக்கும். "செய்கிறேன், ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்று அவர்கள் சொல்வது சோம்பலால் அல்ல. தசை உண்மையாகவே வேலை செய்கிறதா என்பதை அறிய, சிப்பியைக் கவனியுங்கள்: அது தொடையை நோக்கி மேலே நகர வேண்டும். நகரவில்லை என்றால், முதலில் மறுகாலில் செய்துகாட்டச் சொல்லி, பிறகு இரண்டு கால்களிலும் சேர்த்துச் செய்ய வைத்தால் பெரும்பாலும் தசை விழித்துக்கொள்ளும்.

ஆசிரியைக்கு வகுத்த நாளில் நான்கு அமர்வுகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைக் காலை உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கழித்து முதல் அமர்வு. இது குதிகாலைத் தூக்கி வைப்பதற்கும் தொடைத் தசையை இறுக்குவதற்கும் மட்டுமே. முற்பகல் அமர்வில் மடக்கப் பயிற்சி: சுவரோடு ஒட்டிய நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, பாதத்தைத் தரையிலேயே பின்னுக்கு இழுத்து, முடிந்த இடத்தில் பத்து எண்ணும் வரை நிறுத்த வேண்டும். கால் விரல் நுனி நின்ற இடத்தில் மருமகள் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். இடுப்பைத் தூக்கி ஏமாற்றினால் கோடு பொய் சொல்லும் என்பதால், இடுப்பு நாற்காலியை விட்டு எழக்கூடாது என்பது நிபந்தனை. மடக்கப் பயிற்சி முடிந்ததும் ஐந்து நிமிடம் நிமிர்வுப் பயிற்சி செய்த பிறகுதான் எழ வேண்டும்; மடக்கிய நிலையில் அமர்வை முடிக்கக் கூடாது.

பிற்பகலில் காலை நேராகத் தூக்கும் பயிற்சி. இதைப் பலர் தவறாகவே செய்கிறார்கள். காலைத் தூக்கும்போது முழங்கால் சற்றே தொங்கி மடங்கினால், இடுப்புத் தசைதான் தூக்குகிறது, முன்தொடைத் தசை இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அப்படிப்பட்டவர்களுக்கு முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, குதிகாலை மட்டும் தூக்கி முழங்காலை நிமிர்த்தும் பயிற்சியைத் தருகிறோம். முடிந்தவுடன் அந்தச் சுருளை எடுத்துவிட வேண்டும். மாலையில் வாக்கருடன் நடை. குதிகால் முதலில் தரையைத் தொட்டு, அந்தக் கால்மீது எடை வரும்போது முழங்கால் நிமிர வேண்டும். வேகமோ தூரமோ முக்கியமல்ல. படுக்கும் முன் துணியில் சுற்றிய ஐஸ் பேக்கை 15 முதல் 20 நிமிடம் வைத்து, முழங்கால் நிமிர்ந்தபடியே காலை நெஞ்சு மட்டத்துக்கு மேல் உயர்த்தி வைக்கலாம்.

எவ்வளவு செய்வது என்பதற்கு மறுநாள் காலைதான் அளவுகோல். பயிற்சியின்போது வலி வருவது இயல்பு. ஓரிரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு இறங்கிவிட வேண்டும். மறுநாள் எழும்போது வீக்கம் கூடி, முந்தைய நாளைவிடக் குறைவாக மடங்கினால், முந்தைய நாள் அதிகமாகச் செய்துவிட்டோம் என்று பொருள். அப்போது எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துச் செய்ய வேண்டும். முழுவதுமாக நிறுத்துவது கூடாது. வலுக்கட்டாயமாகப் பிறர் காலைப் பிடித்து மடக்குவதும், எண்ணெய் தடவி இழுப்பதும், முதல் வாரங்களில் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும் வீக்கத்தைக் கூட்டி, தொடைத் தசையை மேலும் முடக்கும்.

முதல் சந்திப்பு, தையல் பிரிக்கும் இரண்டாவது வாரத்தை ஒட்டி வரும். அப்போது மடக்கம் ஏறத்தாழ 90 பாகைக்கு வந்திருந்து, நிமிர்வில் குறை 10 பாகைக்குள் இருந்தால் நல்லது. ஆறாவது வாரச் சந்திப்பு எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் கருத்து. ஆனால் அறுவையைத் தாண்டி வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். அந்த வாரத்தில் மடக்கம் 90ஐ எட்டாமல் நின்றுவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மூட்டைத் தளர்த்துவது பற்றி அறுவை மருத்துவர் யோசிப்பார். உள்ளே உருவாகும் வடுத்திசு முதிர்வதற்கு முன் அதைச் செய்தால்தான் பலன் அதிகம். பொதுவாக மூன்று மாதத்துக்குள் என்று கருதப்படுகிறது. நான்கு மாதம் கழித்து வருபவருக்கு அந்த வாய்ப்பு சுருங்கிவிடுகிறது.

அறுவைக்கு முன்பே எவ்வளவு மடங்கியது என்பது இறுதி அளவைப் பெருமளவு தீர்மானிக்கிறது. 80 பாகையே மடங்கிய காலோடு அறுவைக்குப் போனவரை, 120 பாகை மடங்கிய அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழவும் படி இறங்கவும் 100 பாகையை ஒட்டிய மடக்கம் போதும்.

ஆசிரியைக்கு ஆறாவது வாரத்தில் நிமிர்வின் குறை 7 பாகையாகவும் மடக்கம் 98 ஆகவும் வந்திருந்தது. வாக்கரை விட்டு, இடது கையில் தடி பிடித்து நடந்தார். தடி எப்போதும் அறுவை செய்த காலுக்கு எதிர்க்கையில்தான் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல காலை முதலிலும், இறங்கும்போது அறுவை செய்த காலை முதலிலும் வைக்கப் பழகினார். பன்னிரண்டாவது வாரத்தில் குறை 2 பாகை, மடக்கம் 115. தையல் பிரித்த நாளிலேயே வந்திருந்தால் அந்த இடைப்பட்ட நாட்களின் வேதனையில் பாதியாவது குறைந்திருக்கும்.

அடுத்த சந்திப்பு நாள் வரும்வரை காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. கெண்டைக்காலில் புதிதாக வலியும் வீக்கமும் சேர்ந்து வருவது இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அதோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ வந்தால் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். காயத்திலிருந்து நீரோ சீழோ கசிந்தாலும், சிவப்பு பரவினாலும், காய்ச்சல் வந்தாலும் அன்றே அறுவை மருத்துவரைப் பாருங்கள். கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனால் கிருமியைக் கண்டறியும் பரிசோதனை பொய்த்துப்போகும். தடுமாறி விழுந்த பிறகு காலைத் தூக்கவே முடியாமல் போனால், தசைநாரோ எலும்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றைக்குப் பயிற்சியை நிறுத்தி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

மூன்றாவது மாதத்தில் அமர்வுகளை நாளுக்கு இரண்டாகக் குறைக்கலாம்; ஆனால் முன்தொடைத் தசை பழைய பலத்தை அடைய ஓராண்டுகூட ஆகலாம் என்பதால் அவற்றை நிறுத்த வேண்டாம். சம்மணமிட்டுத் தரையில் உட்காரலாமா என்பதைப் பொருத்தப்பட்ட மூட்டின் வகையையும் எலும்பின் நிலையையும் அறிந்த அறுவை மருத்துவரே சொல்ல வேண்டும். அவர் சொல்லும்வரை நாற்காலியும் மேற்கத்திய கழிப்பறையுமே பாதுகாப்பானவை. ஓராண்டு முடிவில் எக்ஸ்ரேயுடன் ஒரு சந்திப்பு உண்டு. வலியே இல்லாவிட்டாலும் அதற்குப் போக வேண்டும், ஏனெனில் பொருத்திய மூட்டு எலும்பிலிருந்து தளரத் தொடங்குவது வலிக்கு முன்பே படத்தில் தெரியக்கூடும்.