‘தேவகோட்டை பில் காணோம்’ என்று மட்டும் எழுதினால் டெவலப்பர் என்ன செய்வார்?

ஆத்தங்குடி டைல்ஸ் செய்து விற்கும் ஒரு பட்டறையிலிருந்து வந்த புகார் இது: “தேவகோட்டை பில்லெல்லாம் அழிஞ்சு போச்சு. அவசரம்.” கூடவே ஒரு ஸ்கிரீன்ஷாட். தேடல் பெட்டியில் தேவகோட்டை, அதன் கீழே ‘பதிவுகள் இல்லை’.

காரைக்குடியில் இருந்துகொண்டு கடைகளின் பில்லிங் மென்பொருளுக்கு சப்போர்ட் பார்ப்பது என் வேலை. கடைக்காரர் சொல்வதை டெவலப்பருக்குப் புரியும்படி எழுதி அனுப்புவதும் அதில் சேர்த்தி. இந்தப் புகார் அப்படியே சென்னைக்குப் போய்விட்டது. டெவலப்பர் தன் கணினியில் தேவகோட்டை என்று அடித்து ஒரு பில் போட்டார், தேடினார், கிடைத்தது. “எனக்கு வருதே சார்” என்று பதில் எழுதிவிட்டு, யார் அழித்தார்கள், எப்போது அழித்தார்கள், பேக்கப் இருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. ‘அழிந்துவிட்டது’ என்று எழுதினால் அழித்தவரைத்தான் தேடுவார்.

உண்மையில் எதுவும் அழியவில்லை. மாதக் கூட்டுத்தொகையில் அந்த பில்களும் இருந்தன. கண்ணில் பட்டது ‘தேடினால் வரவில்லை’ என்பது மட்டும். ‘அழிந்துவிட்டது’ என்பது கடைக்காரரின் ஊகம். ஊகத்தையும் எழுதலாம், தப்பில்லை. ஆனால் ‘என் சந்தேகம்’ என்று தனி வரியில் எழுத வேண்டும்.

பட்டறைக்கு நேரில் போனபோது பில் போடும் பெண் சொன்னது இது: “அண்ணே, பள்ளத்தூர்னு போட்டா வருது, கானாடுகாத்தான் வருது. கொத்தமங்கலம் வரலை, கோனாபட்டு வரலை.” முதல் புகாரில் இருந்திருக்க வேண்டிய வரி இதுதான். எது கெடுகிறது என்பதோடு, அதற்குப் பக்கத்தில் எது கெடாமல் இருக்கிறது என்றும் சொன்னால் டெவலப்பர் தேட வேண்டிய இடம் சட்டென்று சுருங்கிவிடும். வராத ஊர்களை மறுபடி பாருங்கள்: தேவகோட்டை, கொத்தமங்கலம், கோனாபட்டு. மூன்றிலும் கொ அல்லது கோ இருக்கிறது. வரும் ஊர்களில் இல்லை.

இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் புகாருக்குப் பிறகு தேவகோட்டைக்குப் புதிதாகப் போட்ட பில்கள் தேடலில் வந்தன. பழைய எக்செல் கோப்பிலிருந்து ஏற்றியவை மட்டும் வரவில்லை. அந்தக் கோப்பு ஒரு காலத்தில் பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டு, பிறகு யுனிகோடுக்கு மாற்றப்பட்டது.

இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். யுனிகோடில் ‘கோ’வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ‘ோ’ என்ற ஒரே குறி (U+0BCB) வருவது ஒரு விதம். ‘ே’ (U+0BC7), ‘ா’ (U+0BBE) என்று இரண்டு குறிகள் அடுத்தடுத்து வருவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் மென்பொருள் குறிக்குக் குறி ஒப்பிட்டால் அவை வேறு வேறு சொற்கள். இப்போது நாம் பயன்படுத்தும் விசைப்பலகைகள் பெரும்பாலும் ஒற்றைக் குறியைத்தான் இடுகின்றன. அந்தப் பழைய கோப்பை மாற்றிய கருவி இரட்டைக் குறியாக விட்டிருந்தது.

ஸ்கிரீன்ஷாட் இங்கே ஏன் உதவவில்லை என்பது இப்போது புரியும். படத்தைப் பார்த்து டெவலப்பர் தன் விசைப்பலகையில் அடித்த நிமிடமே பிழை மறைந்துவிட்டது. அவர் அடித்தது நல்ல தேவகோட்டை. பிழையை வரவழைத்தது கோப்பில் இருந்த தேவகோட்டை. அதனால் எழுத்தோ எண்ணோ உள்ளிட்டதால் வரும் பிழை என்றால், உள்ளிட்டதை அப்படியே காப்பி செய்து அனுப்புங்கள்; இல்லையென்றால் கோப்பையே இணையுங்கள். திரும்ப அடிக்காதீர்கள். CSV கோப்பாக இருந்தால், எக்செல்லில் திறந்து சேமித்துவிட்டு அனுப்பவும் கூடாது. சேமிக்கும்போது எழுத்துக் குறியாக்கம் மாறிவிடக்கூடும். தொடாத பிரதி ஒன்று வேண்டும்.

குறி எண்கள் தெரியாதவரும் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியும். ஊர்ப் பெயர் இருக்கும் கட்டத்தை எக்செல்லில் இப்படி அளந்தால் போதும்:

```
=LEN(B2)
```

புதிதாக அடித்த தேவகோட்டைக்கு 9 வந்தது, பழைய கோப்பில் இருந்ததற்கு 10.

சரி, முழுக் கோப்பையும் அனுப்பலாமா? அதில் வாடிக்கையாளர்களின் கைபேசி எண்களும் பாக்கித் தொகைகளும் இருக்கின்றன. அனுப்பக் கூடாது, தேவையும் இல்லை. ஒரு பிரதி எடுத்து வரிகளைப் பாதி பாதியாக நீக்கி, ஒவ்வொரு முறையும் ஏற்றித் தேடிப் பார்க்கலாம். கடைசியில் ஒரே ஒரு வரியிலும் பிழை வந்தது. அந்த வரியில் பெயரையும் எண்ணையும் பொய்யாக மாற்றினேன். மாற்றிய பிறகும் பிழை வருகிறதா என்று மறுபடி பார்ப்பது முக்கியம். பெயரை மாற்றும்போது பிழைக்குக் காரணமான எழுத்தே போய்விடலாம்.

அப்புறம் எழுதிய புகார் இது:

தலைப்பு: எக்செல்லிலிருந்து ஏற்றிய பில்களில், கொ/கோ உள்ள ஊரைத் தேடினால் பதிவு வருவதில்லை

தொடக்க நிலை: பதிவே இல்லாத புதிய கணக்கு. விண்டோஸ் 10, குரோம். மென்பொருளின் பதிப்பு எண், ‘உதவி’ பக்கத்தில் உள்ளபடி.

1. இணைத்துள்ள ஒரு வரிக் கோப்பை ‘பில் இறக்குமதி’யில் ஏற்றவும்.
2. பில் பட்டியலில் அந்த வரி தெரிவதை உறுதி செய்யவும்.
3. தேடல் பெட்டியில் தேவகோட்டை என்று விசைப்பலகையில் அடித்து Enter தட்டவும்.

வந்தது: ‘பதிவுகள் இல்லை’. வரவேண்டியது: அந்த ஒரு பில். எல்லா முறையும் இப்படித்தான்.

இப்படிச் செய்தால் வருகிறது: பட்டியலில் உள்ள ஊர்ப் பெயரைக் காப்பி செய்து ஒட்டித் தேடினால். விசைப்பலகையில் அடித்துப் போட்ட பில்லைத் தேடினால். பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்றால் இரண்டு வகை பில்லும்.

என் சந்தேகம்: கோப்பில் ‘கோ’ இரண்டு குறிகளாக இருக்கிறது. LEN 10, அடித்ததற்கு 9.

இதில் ‘தொடக்க நிலை’யைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பல மாதப் பதிவுகள் உள்ள கணக்கில் நமக்கு வருவது, டெவலப்பரின் காலிக் கணக்கில் வராமல் போகலாம். காலிக் கணக்கில் நாமே ஒரு தடவை செய்து பார்த்துவிட்டால் அந்த வாதமே எழாது. பதிப்புக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதுவதும் வேண்டாம். அவர் படிக்கும் நேரத்தில் லேட்டஸ்ட் வேறாக இருக்கலாம். எப்போதாவது மட்டும் வரும் பிழை என்றால் இந்தப் படிகள் போதாது. வந்த தேதி, மணி, நிமிடத்தோடு எந்தப் பயனர் கணக்கு என்றும் குறித்தால், சர்வர் பதிவேட்டில் அந்த இடத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

இந்த முறை டெவலப்பரிடமிருந்து கேள்வி எதுவும் வரவில்லை. சேமிக்கும் இடத்திலும் தேடும் இடத்திலும் ஒரே வடிவத்துக்கு மாற்றும் வரியைச் சேர்த்தார்:

```
name = name.normalize("NFC")
```

ஏற்கெனவே ஏறிய பில்களையும் ஒரு முறை இதன் வழியே ஓட்டினார். தேவகோட்டை வந்துவிட்டது. அடுத்த வாரம் கடையிலிருந்து, கௌரி என்ற வாடிக்கையாளர் தேடலில் வரவில்லை என்றார்கள். பழைய பிழைதான் திரும்பிவிட்டது என்று அதே புகாரின் கீழ் எழுதத் தோன்றும். கோப்பைப் பார்த்தால் அங்கே ‘ௌ’ குறிக்குப் பதில் ‘ெ’ போட்டு ‘ள’ என்ற எழுத்தையே அடித்திருந்தார்கள். அது உண்மையிலேயே வேறு எழுத்து என்பதால் NFC அதைத் தொடாது. அதற்குத் தனிப் புகார், தனி ஒரு வரிக் கோப்பு.