ராட்வைலரின் நொண்டலும் எலும்புப் புற்றுநோயும்

“ஏழு வயது ராட்வைலர் நாய், 45 கிலோ. முன்னங்கால் மணிக்கட்டுக்கு மேல் வீக்கம், நொண்டுகிறது. எலும்புப் புற்றுநோயாக இருக்கலாம், காலை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார் டாக்டர். வலி மாத்திரை மட்டும் கொடுத்தால் போதாதா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

பெரிய இன நாய்களில் ஆஸ்டியோசர்கோமா என்ற எலும்புப் புற்றுநோய் பெரும்பாலும் நீண்ட எலும்பின் முனையை ஒட்டித்தான் வரும். முன்னங்காலில் முழங்கையை விட்டு விலகியும், பின்னங்காலில் முழங்காலை ஒட்டியும் இருக்கும். இவர் சொல்லும் மணிக்கட்டுப் பகுதி அதற்குப் பேர்போன இடம்.

எக்ஸ்ரேயில் முதலில் பார்க்க வேண்டியது எலும்பின் ஓரக்கோடு. நல்ல எலும்பில் அது அழுத்தமான வெள்ளைக் கோடாக இருக்கும். இங்கே அது அரித்துப்போய், பூச்சி தின்ற துணிபோல் தெரியும். கெட்ட பகுதி எங்கே முடிகிறது என்று கோடு கிழிக்க முடியாது. எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வை இந்தக் கட்டி மேலே தள்ளும்போது, சவ்வு விலகும் ஓரத்தில் புது எலும்பு முக்கோணமாகப் படியும். அதற்குக் காட்மன் முக்கோணம் என்று பெயர். கட்டி பொதுவாக மூட்டைத் தாண்டி அடுத்த எலும்புக்குப் போகாது. இரண்டு பக்க எலும்பும் அரிக்கப்பட்டிருந்தால் மூட்டுத் தொற்றையோ வேறு வகைக் கட்டியையோ சந்தேகிக்க வேண்டும். பூஞ்சைத் தொற்றும் இதே தோற்றம் காட்டக்கூடும் என்பதால், ஊசியால் செல் எடுத்துப் பார்த்து உறுதிசெய்வது நல்லது. எலும்பின் தாதுவில் மூன்றில் ஒரு பங்காவது கரைந்தால்தான் எக்ஸ்ரேயில் தெரியும். எனவே முதல் படம் சுத்தமாக இருந்தும் நொண்டல் தொடர்ந்தால், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி எடுங்கள்.

இந்த வலி ஏன் இவ்வளவு கொடியது? கட்டி தானே எலும்பைத் தின்பதில்லை. எலும்பை அரிப்பதற்கென்றே உடலில் இருக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களை அது தூண்டிவிடுகிறது. அவை எலும்போடு ஒட்டிக்கொண்டு அமிலம் சுரந்து தாதுவைக் கரைக்கின்றன. அந்த அமிலத்தை உணரும் நரம்பு முனைகள் எலும்புக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் கால் ஊன்றாமல் படுத்திருந்தாலும் வலிக்கும். மெலோக்சிகாம், கபாபென்டின் போன்ற மாத்திரைகள் வலியை ஓரளவு மட்டுப்படுத்தும். ஆஸ்டியோகிளாஸ்ட்டையே அடக்கும் சோலெட்ரோனிக் அமிலத்தை, சிறுநீரகத்தைச் சோதித்தபின் இரத்தக்குழாய் வழியே ஏற்றலாம். இருந்தும் எலும்பு மெலிந்துகொண்டே போகும். ஒருநாள் படியிறங்கும்போது முறியலாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு உருவினாலும் முறியும். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். மனிதருக்கான ஐபுப்ரோஃபெனும் வேண்டாம், நாய்க்கு அது விஷம்.

காலை எடுத்தால் வலியின் மூலமே போய்விடும். ஆனால் நோய் போகாது. பத்தில் ஒன்பது நாய்களில் கண்ணுக்குத் தெரியாத அளவில் அது ஏற்கெனவே நுரையீரலுக்குப் பரவியிருக்கும். அரை சென்டிமீட்டருக்கும் சிறிய கட்டி மார்பு எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. மாத்திரை மட்டும் கொடுத்தால் பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் உயிரோடிருக்கும். காலை எடுத்தால் நான்கைந்து மாதம். கூடவே கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை என நான்கு முதல் ஆறு தடவை ஏற்றினால் பத்து மாதம், ஒரு வருடம்.

மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருந்து, மற்ற மூன்று கால்களும் நன்றாக இருந்தால் காலை எடுப்பதே இந்த நாய்க்கு நல்லது என்பேன். முன்னங்கால்கள் உடல் எடையில் 60 சதவீதத்தைச் சுமப்பது உண்மைதான். ஆனால் நோயுற்ற காலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நாய் இப்போதே மூன்று காலில்தான் நடக்கிறது. இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தாலோ, நுரையீரலில் கட்டி தெரிந்தாலோ கணக்கு மாறும். அப்போது மாத்திரையும், வசதியுள்ள இடத்தில் வலிக்கான கதிர்வீச்சும் போதும். மாத்திரை கொடுத்தும் இரவில் உறங்காமல் முனகினால், சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தால், கருணைக்கொலை பற்றி டாக்டரிடம் அன்றைக்கே பேசுங்கள். எலும்பு முறியும்வரை காத்திருக்க வேண்டாம்.