வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும்

பெரிய நூல்களின் கடைசிப் பக்கங்களில் சொல்லடைவு இருக்கும். தேடுபொறி தன்னுள் வைத்திருப்பதும் அப்படி ஒன்றைத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது வரும் ஆவணங்களின் எண்கள் ஏறுவரிசையில் நிற்கும். இந்த வரிசைதான் போஸ்டிங்ஸ் பட்டியல். எட்டு லட்சம் ஆவணங்களில் இருபதுக்கு ஒன்றில் தலைகாட்டும் ஒரு சொல்லுக்கு 40,000 எண்கள் சேரும். எண்ணுக்கு 4 பைட் என்று எழுதினால் 1,60,000 பைட். இது ஒரே ஒரு சொல்லின் கணக்கு.

ஆனால் எண்கள்தான் பெரியவை; பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு இடையே உள்ள தூரம் சிறியது. இருபதுக்கு ஒன்று என்றால் சராசரி இடைவெளியும் 20தான். ஆகவே 70000, 70005, 70045, 70745 என்ற பட்டியலை 70000, 5, 40, 700 என்று எழுதலாம். முதல் எண் அப்படியே நிற்கிறது. மற்றவை முந்தைய எண்ணிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை மட்டும் சொல்கின்றன. படிக்கும்போது கூட்டிக்கொண்டே போனால் பழைய எண்கள் திரும்பக் கிடைத்துவிடும்.

இதோடு நிறுத்தினால் ஒரு பைட்கூட மிச்சமாகாது. நான்கு பைட் பெட்டிக்குள் 5 இருந்தாலும் பெட்டி நான்கு பைட்தான். பெட்டியை எல்லோருக்கும் ஒன்றுபோலச் சிறிதாக்கவும் முடியாது; அரிய சொற்களுக்கு இடைவெளி லட்சக்கணக்கில் போகும். எண்ணுக்கு ஏற்றபடி பெட்டி மாற வேண்டும். அதற்குத்தான் வேரியபிள் பைட் முறை.

ஒரு பைட்டில் 8 பிட்கள். அவற்றில் ஏழில் எண்ணை வைத்துவிட்டு, எட்டாவதைக் கொடியாக வைத்துக்கொள்கிறோம். கொடி ஏறியிருந்தால் எண் அடுத்த பைட்டிலும் தொடர்கிறது. இறங்கியிருந்தால் அங்கே முடிந்தது. 127 வரை ஒரு பைட் போதும், 16,383 வரை இரண்டு. 700ஐ எழுதிப் பார்ப்போம். 128ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 60. மீதியை முதலில் வைக்கிறோம். தொடர்கிறது என்று காட்ட 128ஐக் கூட்டினால் 188. அடுத்த பைட் 5. முழுப் பட்டியல் இப்படி ஆகிறது:

```
240 162 4 | 5 | 40 | 188 5
```

கோடுகள் நம் கண்ணுக்காக. வட்டில் அவை கிடையாது. 16 பைட் 7 ஆகிவிட்டது, அதிலும் மூன்றை முதல் எண்ணே தின்றுவிட்டது. நீண்ட பட்டியலில் அது பொருட்டே இல்லை. நம் 40,000 எண்கள் தாறுமாறாகச் சிதறியிருந்தால், சுமார் 60 இடைவெளிகளே 127ஐத் தாண்டும். மற்றவை அனைத்தும் ஒற்றைப் பைட். பட்டியல் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது.

பிட் பிட்டாக எண்ணி இன்னும் இறுக்கலாமே என்று தோன்றும். ராய்ட்டர்ஸ் ஆர்சிவி1 என்ற செய்தித் தொகுப்பில், எண்ணுக்கு 20 பிட் வீதம் 250 எம்பி ஆகும் பட்டியல்கள், வேரியபிள் பைட்டில் 116 எம்பி ஆகின்றன. காமா என்ற பிட் முறையில் 101. அந்த 15 எம்பியை நான் தாராளமாக விட்டுக்கொடுப்பேன். பைட் எல்லையில் முடியும் எண்ணைப் பிரிப்பது செயலிக்கு எளிது. வட்டிலிருந்து பைட்டுகள் வந்துசேர ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டால் அந்த வேலை அற்பம். வட்டு வேகமாகிவிட்ட இடங்களில் கதை மாறும். "தொடர்கிறதா?" என்று பைட்டுக்குப் பைட் கேட்கும் கேள்வியே செயலியைத் தடுமாற வைக்கிறது. லூசீன் என்ற தேடல் மென்பொருள் 4.1ஆம் பதிப்பில் 128 எண்களை ஒரே தொகுதியாகக் கட்டத் தொடங்கியது அதனால்தான். மிஞ்சும் வால் மட்டும் அப்போது பழைய முறையில் எழுதப்பட்டது.

இந்தச் சிக்கனத்துக்கு ஒரு விலை உண்டு: பட்டியலின் நடுவில் குதிக்க முடியாது. 40 என்ற இடைவெளி, அதற்கு முன் வந்த எண் தெரியாமல் எதையும் சொல்லாது. ஆகவே சில நூறு எண்களுக்கு ஒருமுறை, அங்கே உள்ள முழு ஆவண எண்ணையும் பைட் இருப்பிடத்தையும் தனியே குறித்து வைக்கிறார்கள். நடுவில் ஒரு பைட் கெட்டாலும், அடுத்த குறிப்பு வரை உள்ள எண்கள் எல்லாம் பிசகிவிடும்.

இதைவிடப் பொல்லாத பிழை வரிசை மாறுவது. 70045க்குப் பின் 70042 வந்தால் இடைவெளி −3. 32 பிட்டில் குறியில்லாமல் அது 4294967293 ஆகி, ஐந்து பைட் பிடிக்கும். விசித்திரம் என்னவென்றால், திரும்பக் கூட்டும்போது 32 பிட் சுற்றி வந்து 70042 சரியாகவே கிடைத்துவிடும். ஒரு சொல்லைத் தேடினால் குறையே தெரியாது. இரண்டு சொற்களைச் சேர்த்துத் தேடும்போதுதான், ஏறுவரிசையை நம்பி இரு பட்டியல்களை ஒப்பிடும் நிரல் அந்த ஆவணத்தைத் தாண்டிப் போய்விடும். கோப்பில் தேவைக்கு மேல் ஐந்து பைட் எண்கள் தென்பட்டால், முதலில் பார்க்க வேண்டியது வரிசையைத்தான்.