நெல்லைத் தமிழில் ஜோக் எழுதுறீங்களா? கடைசி வரியைக் கொஞ்சம் பாருங்க

வட்டார வழக்கில் நகைச்சுவை எழுதுபவர்களின் வரைவைத் திருத்திக் கொடுப்பது என் வேலை. வருகிறவற்றில் பெரும்பகுதி நெல்லைத் தமிழ்தான், அதில் முக்கால்வாசியில் வரிக்கு வரி ஒரு 'லே' இருக்கும். சாம்பாரில் உப்பு குறைவு என்று ஆளாளுக்கு ஒரு கை அள்ளிப் போட்ட மாதிரி. அந்த 'லே' சம வயதுள்ளவனையோ சின்னவனையோ பார்த்துச் சொல்வது, அதுவும் ஆண்பிள்ளையை. அப்பாவைப் பார்த்து யாரும் சொல்வதில்லை, சொன்னால் என்ன கிடைக்கும் என்று அங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும். முன்பின் தெரியாத வாசகரிடம் கதை சொல்லும்போது அது யாரை நோக்கி வருகிறது? பாத்திரங்கள் பேசும் வரிக்குள் மட்டும் வையுங்கள்.

சரி, இது சின்ன விஷயம். பெரிய விஷயம், ஊர்க்காரர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற ஒன்று கோயம்புத்தூரிலும் யாழ்ப்பாணத்திலும் சத்தமே இல்லாமல் கடந்து போவது. ஏன் என்று பார்க்க, ஒரு தம்பி அனுப்பியதை அப்படியே தருகிறேன்:

"துட்டிக்குப் போன தாத்தா, ஒரே வேசடையா இருக்குன்னு பட்டாசல்ல சாரத்தப் போத்திக் குறுக்கச் சாய்ச்சிட்டாரு லே. மாலையோட வந்தவரு அவரு மேலயே போட்டுட்டாரு லே. தாத்தா எந்திச்சி, 'செத்தவரு உள்ள இருக்காரு வே, நான் செத்த சாய்ஞ்சிருக்கேன்'னாரு லே."

அருமையான ஜோக். ஆனால் வெளியூர்க்காரருக்கு முதல் வரியிலேயே அடுத்தடுத்து முட்டுக்கட்டை. துட்டி என்றால் சாவு வீட்டு விசேஷம், வேசடை என்றால் தொந்தரவு, பட்டாசல் என்றால் முன்கூடம், சாரம் என்றால் கைலி, குறுக்கச் சாய்ப்பது என்றால் சற்றுப் படுப்பது. இத்தனையையும் ஊகித்துக் களைத்துப் போனவர், கடைசியில் இரண்டு 'செத்த'வும் மோதிக்கொள்ளும் இடத்துக்கு வரும்போது அதையும் இன்னொரு புரியாத சொல் என்றே கடந்துவிடுவார். கொஞ்ச நேரம் என்ற பொருளில் 'செத்த' என்று சொல்லிப் பழகாதவருக்கு அங்கே இறந்தவர் மட்டும்தான் தெரிவார், படுத்திருப்பவர் தெரியமாட்டார்.

உடனே எல்லோரும் செய்வது அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போடுவது. போடாதீர்கள். சிரிப்பு வருவதற்கு முந்திய நொடியில் வாசகரை நிறுத்திப் பாடம் எடுத்தால் அப்புறம் எதுவும் வராது. அதைவிட மோசம், எல்லாச் சொல்லையும் பொதுத் தமிழாக்கிவிட்டு ஆங்காங்கே ஒரு 'அண்ணாச்சி'யை மட்டும் நட்டு வைப்பது.

நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி எழுதியது இப்படி வந்தது:

"தெருவுல ஒரு துட்டி. தாத்தாவும் போயிருந்தாரு. அழுகைச் சத்தம் கொஞ்சம் ஓயவும் ஆச்சியக் கூப்பிட்டு, 'நடந்து வந்தது காலு கடுக்கு. செத்த நேரம் குறுக்கச் சாய்க்கேன், எடுக்கும்போது எழுப்பு'ன்னு சொல்லிட்டு, திண்ணையில துண்ட மூஞ்சி வரைக்கும் போத்திப் படுத்துட்டாரு. வெளியூர்ல இருந்து வந்த ஒருத்தரு செருப்பக் கழட்டிட்டு நேரா வந்து, மாலையத் தாத்தா மேல போட்டு, கால்மாட்டுல நின்னு கும்பிட்டாரு. தாத்தா துண்ட வெலக்கிப் பாத்தாரு. 'செத்தவரு உள்ள இருக்காரு வே. நான் செத்த படுத்திருக்கேன்.'"

வேசடை, பட்டாசல், சாரம் மூன்றும் போய்விட்டன. கதைக்கு அவை தேவையே இல்லை. துட்டியை விடவில்லை, அடுத்த வரியில் அழுகைச் சத்தம் வந்து அதை விளக்கிவிடுகிறது. குறுக்கச் சாய்ப்பதும் இருக்கிறது, அதே வாக்கியம் 'படுத்துட்டாரு' என்று முடிவதால் யாருக்கும் சந்தேகம் வராது. முக்கியமானது 'செத்த'. முதலில் அது 'நேரம்' என்ற சொல்லோடு, சிரிப்புக்குச் சம்பந்தமில்லாத இடத்தில், தாத்தா வாயிலிருந்தே வந்துவிடுகிறது. வாசகர் அதைக் கற்றுக்கொண்டதே அவருக்குத் தெரியாது. கடைசி வரியில் 'சாய்ஞ்சிருக்கேன்' என்பதைப் 'படுத்திருக்கேன்' ஆக்கியதும் இதற்காகத்தான், அந்த வரியில் ஒரே ஒரு சொல்தான் வேலை செய்ய வேண்டும். 'வே' இருக்கட்டும். புரியாவிட்டாலும் பெரியவர் ஒருவர் இன்னொருவரை அழைக்கிறார் என்று தெரிந்துவிடும்.

அப்படியானால் நெல்லை வாசம் எங்கே என்று தம்பி கேட்டார். வினைமுற்றில் இருக்கிறது. கடுக்கு, சாய்க்கேன், சொல்லுதான், பேசுதாவ, நிக்கான், பாக்கேன். இவற்றுக்கு யாரும் அகராதி தேடுவதில்லை, பகுதி எல்லோருக்கும் தெரிந்ததுதானே, விகுதி மட்டும்தான் ஊர் மாறுகிறது. பெயர்ச்சொல்லை மாற்றினால் வாசகர் தடுக்கி நிற்பார், வினையின் முடிவை மாற்றினால் காதில் ஒரு குரல் கேட்கும். அதனால் வட்டாரத்தை வினையில் தாராளமாகவும் பெயரில் கஞ்சத்தனமாகவும் விடச் சொல்கிறேன்.

எழுத்துக்கூட்டலிலும் ஒரு பொறி இருக்கிறது. பேசும்போது 'வந்தான்' என்பதன் கடைசி 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடும், அதை எழுதிக்காட்ட நம்மிடம் எழுத்து இல்லை. கேட்டபடியே எழுதுகிறேன் என்று 'வந்தா' போட்டால் வந்தவள் பெண்ணாகிவிடுவாள், இல்லாவிட்டால் 'வந்தால்' ஆகிவிடும். 'ன்' இருக்கட்டும், வாசகரின் வாய் அதைத் தானே கரைத்துக்கொள்ளும். அதே மாதிரி 'ஏல போல' என்று எழுதினால் வெளியூர்க்காரர் ஏதோ உவமை என்று நினைப்பார். 'போ லே' என்று பிரித்து எழுதினால் தீர்ந்தது. 'வந்தான்ல' என்பதில் வருவது வேறு 'ல', அது 'அல்லவா'. அதைச் சேர்த்தே எழுதலாம், வினைமுற்றோடு ஒட்டி வருவதால் யாரும் விளி என்று நினைப்பதில்லை.

வெளியிடும் முன் வேறு ஊர்க்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். ஆனால் 'புரிஞ்சுதா' என்று கேட்காதீர்கள், மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், குரல் எங்கே தயங்குகிறதோ அங்கே ஒரு சொல் இடறுகிறது. பிறகு தாளை வாங்கிவிட்டு அவர் பேச்சில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். இந்தத் துட்டி வீட்டை ஒரு கோவை நண்பர், "செத்தவரு உள்ளார இருக்காருங்க, நான் சித்த படுத்திருக்கேனுங்க" என்று சொன்னார். ஓரெழுத்து மாறியதில் மோதல் பாதியாகிவிட்டது, ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். யாழ்ப்பாணத்துத் தோழி, "செத்தவர் உள்ளுக்க இருக்கிறார், நான் சும்மா படுத்திருக்கிறன்" என்றார். சொல் விளையாட்டு மொத்தமாகப் போயே போய்விட்டது, மாலையோடு எழுந்து உட்கார்ந்த தாத்தா மட்டும் அப்படியே இருந்தார். படிக்கும்போது இரண்டு 'செத்த'வும் பிடிபட்டதா என்று கேட்டதற்கு, "ஓம், முதல் ஒருக்கா நேரம் எண்டு வந்தது தானே" என்றார். அதன் பிறகுதான் தம்பியிடம் போடச் சொன்னேன்.