கப்பல் கூலியை மக்குக்கும் இயர்போனுக்கும் விலை விகிதத்தில் பிரிக்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது ஆள். சீனாவிலிருந்து கலந்து சரக்கு இறக்கியவர், "பீங்கான் மக் நன்றாகப் போகிறது சார், ஆனால் கையில் காசு நிற்கவில்லை" என்றார். கணக்கைத் திறந்ததுமே காரணம் தெரிந்துவிட்டது.

எண்களைச் சுலபமாக்கிச் சொல்கிறேன். இயர்போன் 1,000, ஒன்று 300 ரூபாய், மொத்த எடை 100 கிலோ. மக் 2,000, ஒன்று 50 ரூபாய், எடை 900 கிலோ. கப்பல் கூலி, துறைமுகச் செலவு, லாரி எல்லாம் சேர்த்து 80,000. இதை அவர் விலை விகிதத்தில் பிரித்திருந்தார். ஒரு மக்குக்கு 10 ரூபாய் விழுந்தது, அடக்க விலை 60. விற்றது 80-க்கு. எடைப்படி பிரித்தால் மக்கின் பங்கு 72,000, ஒன்றுக்கு 36. அடக்கம் 86 ஆகிறது. சுங்க வரியைச் சேர்க்காமலேயே ஒவ்வொரு மக்கிலும் 6 ரூபாய் நட்டம். இயர்போனோ 308-க்கு அடங்கியிருக்க, 360 என்று நினைத்து விலையை ஏற்றி வைத்ததால் அது நகரவே இல்லை.

"மொத்தம் ஒன்றுதானே சார்?" இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. மொத்தம் ஒன்றுதான், இரண்டும் முழுக்க விற்றுத் தீர்ந்தால்! மார்ச் 31 அன்று மக் எல்லாம் விற்றுவிட்டது, இயர்போன் எல்லாம் கிடக்கிறது என்று வையுங்கள். இருப்பு மதிப்பில் 52,000 கூடுதலாக நிற்கும். கணக்கில் 40,000 லாபம் தெரியும், உண்மையில் 12,000 நட்டம். இல்லாத லாபத்துக்கு வருமான வரியும் கட்டுவீர்கள். அதோடு, அந்த 86 தெரிந்திருந்தால் மக்கை 80-க்கு விற்றிருக்கவே மாட்டீர்கள்.

சுங்கத்தில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் கப்பல் கூலி பெரும்பாலும் விலை விகிதத்தில்தான் பிரிந்து வரும். அது வரி போடுவதற்கான கணக்கு, உங்கள் அடக்க விலை அல்ல. டேலியிலும் கூடுதல் செலவைப் பிரிக்க அளவு, மதிப்பு என்று இரண்டு வழிதான். எடைப்படி வேண்டுமானால் எக்செலில் பிரித்து, பொருள்வாரியாக ஏற்றுங்கள்.

அதற்கு முன், ஃபார்வர்டர் பில்லை எடுத்துப் பாருங்கள். அவர் எதற்குக் காசு வாங்கினாரோ அதன்படிதான் பிரிக்க வேண்டும். பலர் சரக்கைச் சேர்த்து ஏற்றும் பங்குக் கன்டெய்னரில் கன மீட்டரா டன்னா, எது அதிகமோ அதற்குத்தான் கூலி. பொம்மை, தலையணை மாதிரி இடத்தை அடைக்கும் சரக்கு இருந்தால் எடைக் கணக்கும் தப்பாகிவிடும், கன அளவை எடுங்கள். காப்பீடு மட்டும் விலைப்படி போகட்டும்.

சுங்க வரியைப் பிரிக்கவே வேண்டாம், தயவுசெய்து. ஒவ்வொரு எச்.எஸ். கோடுக்கும் விகிதம் வேறு. பில் ஆஃப் என்ட்ரியில் வரிசைவாரியாக அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். அடிப்படைச் சுங்க வரியையும் அதன் மேல் வரும் 10% சமூக நல சர்சார்ஜையும் அந்தந்தப் பொருளிலேயே ஏற்றுங்கள். ஐ.ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுக்க முடிந்தால் அடக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பேக்கிங் லிஸ்டில் பொருள்வாரியாக எடையும் கன அளவும் போடச் சொல்லி, ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்குங்கள். சரக்கு வந்தபின் குடோனில் தராசு தேடி அலைய வேண்டாம்.