முதுகில் ஏறும் 400 கிலோ

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, நான் ஆறடி உயரம். 80 கிலோ டெட்லிஃப்ட் எடுத்தா மறுநாள் கீழ்முதுகு பிடிச்சுக்குது. குட்டையான நண்பனுக்கு ஒண்ணும் ஆகலை. சுமோவுக்கு மாறணுமா, டிராப் பாரா?"

தரையில் கிடக்கும் பாரை, அதாவது எடைத் தட்டு மாட்டிய கம்பியை, நிமிர்ந்து நிற்கும்வரை தூக்குவதுதான் டெட்லிஃப்ட். அதையே கால்களை அகட்டி நின்று செய்தால் சுமோ; கம்பிக்குப் பதில் உள்ளே நின்று தூக்கும் சட்டம் டிராப் பார். தம்பி பக்கவாட்டில் எடுத்த படமும் அனுப்பியிருந்தார். பார் காலோடு ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் இடுப்பு மேலே தூக்கி நிற்கிறது, முதுகு கிட்டத்தட்ட தரைக்கு இணையாக. தொடை நீளம், கை குட்டை. அப்படிப்பட்ட உடம்பு பாரைத் தொட இப்படித்தான் குனிந்தாக வேண்டும்.

பள்ளியில் படித்த திருப்புத்திறன்தான் இங்கே வேலை செய்கிறது. அவருடைய கீழ்முதுகிலிருந்து பாருக்குக் கிடைமட்டத் தூரம் 30 செ.மீ. என்று வைப்போம். அந்தச் சுமையைத் தாங்கும் முதுகுத் தசையோ எலும்பின் நடுவிலிருந்து சுமார் 6 செ.மீ.தான் பின்னால் இருக்கிறது. தூரம் ஐந்து மடங்கு என்றால் இழுவையும் ஐந்து மடங்கு. 80 கிலோ பாருக்குத் தசை 400 கிலோ அளவுக்கு இழுக்கிறது! உடம்பின் சொந்த எடையை இன்னும் சேர்க்கவே இல்லை. நிற்கும் விதத்தை மாற்றி அந்த 30 செ.மீ. தூரத்தில் 3 செ.மீ. குறைத்தால் அது 360 ஆகிவிடும். மூன்று விரல் அகலம்கூட இல்லாத தூரத்துக்கு 40 கிலோ குறைவதை எத்தனை முறை கணக்குப் போட்டாலும் எனக்கு அலுப்பதில்லை.

சுமோ செய்வது இதைத்தான். கால்களை அகட்டி முழங்கால்களை வெளியே தள்ளும்போது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் தொடை குட்டையாகிவிடுகிறது. 45 செ.மீ. தொடையை 40 டிகிரி திருப்பினால் முன்பின்னாக 34 செ.மீ.தான் தெரியும். இடுப்பு பாருக்குக் கிட்ட வருகிறது, முதுகு நிமிர்கிறது. 1991-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் சுமோவில் கீழ்முதுகின் திருப்புத்திறன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இடுப்பு மூட்டின் அமைப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. அகட்டும்போது கவட்டையில் குத்தினால் சுமோ உங்களுக்கானதல்ல.

டிராப் பாரில் நீங்கள் சட்டத்துக்குள் நிற்கிறீர்கள். முன்னால் கம்பி தடுக்காததால் முழங்கால் தாராளமாக முன்னே போகும், இடுப்பு இறங்கும். உயரமான கைப்பிடி இருந்தால் குனியும் அளவும் குறையும். முதுகு அடிக்கடி பிடிப்பவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கை நீளமானவருக்கு, அதாவது நிமிர்ந்து நிற்கும்போது பார் தொடையின் நடுப்பகுதி வரை இறங்குபவருக்கு, சாதாரண டெட்லிஃப்டே போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கால் முன்னே வரப் பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று நம் பக்கத்தில் இன்னும் சிலர் குப்புறப் படுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வலி முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, பளுவை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

தம்பியின் ஜிம்மில் டிராப் பார் இல்லையாம். சரி, இரண்டு பக்கத் தட்டுகளுக்கும் அடியில் 10 செ.மீ. உயர மரக்கட்டை வைத்து, 50 கிலோவில் சுமோ தொடங்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று வாரம் கழித்து அதே பக்கவாட்டுப் படத்தைத் திரும்ப அனுப்புவார்.