ஓடாத டைல்ஸுக்கு என்ன விலை?

மார்த்தாண்டத்தில் ஒரு டைல்ஸ் கடை என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கு இரண்டு அடி அளவில், சாம்பல் நிறத்தில் ஒரு டிசைன். குஜராத்தின் மோர்பியிலிருந்து 200 பெட்டி வந்தது. ஒரு பெட்டியில் நாலு டைல், அதாவது பதினைந்தரை சதுர அடி. வரி நீங்கலாக அடக்கவிலை 600 ரூபாய், விற்பனை விலை 840. மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்று மேல் விற்றுப்போன சமயத்தில் கம்பெனி அந்த டிசைனை நிறுத்திவிட்டது. இப்போது குடோனில் ஒரே ஷேடில் 42 பெட்டி, கொஞ்சம் வெளிறிய இன்னொரு ஷேடில் 18 பெட்டி, மூலை உடைந்தவை 3 பெட்டி மிச்சம்.

கடைக்காரர் இதை "63 பெட்டி ஸ்டாக், 37,800 ரூபாய்" என்று எழுதி வைத்திருப்பார். இங்கேதான் முதல் சிக்கல். டைல்ஸ் விஷயத்தில் இவை மூன்று தனித்தனிச் சரக்குகள். வெட்டுச் சேதாரத்துக்குப் பத்து சதவீதம் விட்டால், 42 பெட்டியில் ஏறக்குறைய 590 சதுர அடித் தரை போடலாம்; ஒரு ஹாலும் ஓர் அறையும் முடிந்துவிடும். 18 பெட்டி 250 சதுர அடிக்குத்தான் வரும், ஓர் அறைக்கு அல்லது சின்னக் கடைக்கு ஆகும். இரண்டு ஷேடையும் ஒரே தரையில் கலக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் 42 பெட்டியிலிருந்து யாரோ கேட்டார்கள் என்று 5 பெட்டியைப் பிரித்துக் கொடுத்தால், முழு விலை கிடைத்தாலும் மீதி 37 பெட்டிக்கு ஆள் கிடைப்பது கடினமாகிவிடும்.

சரி, ஒரு சரக்கு மெதுவாக ஓடுகிறதா, நின்றே போய்விட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பலரும் வாங்கிய தேதியிலிருந்து நாள் எண்ணுகிறார்கள். அது ஏமாற்றும். நடுவில் 20 பெட்டி புதிதாக வந்தால் தேதி புதிதாகிவிடும், பழையது அடியிலேயே கிடக்கும். ஒவ்வொரு லாட்டுக்கும் கடைசியாக எப்போது பில் போட்டோம் என்பதைப் பார்ப்பதே நல்லது. அதிலும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இங்கே பெய்யும். ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் கட்டட வேலை மந்தமாகும். "90 நாள் விற்கவில்லை, செத்த சரக்கு" என்ற விதியை அப்படியே வைத்தால், மழையில் சும்மா கிடந்த நல்ல சரக்கும் பட்டியலில் ஏறிவிடும். போன வருடம் இதே மாதங்களில் என்ன ஓடியது என்பதோடு ஒப்பிடவேண்டும். ஆனால் கம்பெனி டிசைனை நிறுத்திய செய்தி வந்துவிட்டால் நாள் கணக்கே தேவையில்லை. அன்றே அது பிரச்சினைச் சரக்குதான்.

இனி விலை முடிவு. ஒரு கட்டட ஒப்பந்தக்காரர் 42 பெட்டியையும் மொத்தமாக, பெட்டிக்கு 450 ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன் என்கிறார். "600-க்கு வாங்கியதை 450-க்கா?" என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் அந்த 600 எப்போதோ போய்விட்டது. இன்று நம் முன் இருப்பது இரண்டே வழி: இப்போது 450, அல்லது ஒரு வருடம் காத்திருப்பது.

காத்திருக்க ஆகும் செலவைப் பார்ப்போம். ஓவர்டிராஃப்ட் வட்டி 11 சதவீதம் என்றால், அதை 600-க்குப் போடக்கூடாது. கைக்கு வரக்கூடிய பணம் 450 தானே, அதற்குத்தான் வட்டி போடவேண்டும். வருடத்துக்கு 50 ரூபாய் ஆகிறது. குடோன் வாடகையில் பெட்டிக்கு மாதம் 6 ரூபாய் என்றால் வருடத்துக்கு 72. (குடோனில் வேறு சரக்கு வைக்க இடம் தாராளமாக இருந்தால் இந்த வாடகையைச் சேர்க்கவேண்டாம், இடம் நெருக்கடியாக இருக்கும்போதுதான் அது உண்மையான செலவு.) ஆக, பெட்டிக்குச் சுமார் 120 ரூபாய்.

ஒரு வருடத்தில் சரியாக 590 சதுர அடி தேவைப்படும் வீட்டுக்காரர் வந்தால் 840 கிடைக்கும். வராவிட்டால், அதற்குள் இன்னும் பழசாகி 250-க்குத்தான் போகும் என்று கொள்வோம். இப்படி மிஞ்சிய லாட்டுகளில் நாலில் ஒன்றுக்குத்தான் முழு விலை கிடைத்தது என்று பழைய பில்கள் சொன்னால், சராசரியாக வருவது 398 ரூபாய். அதில் 120 போனால் 278. காத்திருப்பது லாபமாக இருக்க வேண்டுமானால், முழு விலைக்கு ஆள் வரும் வாய்ப்பு 54 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும். நிறுத்தப்பட்ட டிசைனுக்கு அந்த நம்பிக்கை வைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. 450-க்குக் கொடுத்துவிடலாம்.

ஒப்பந்தக்காரர் யாரும் கேட்காவிட்டால்? விலையைக் குறைத்துப் பலகையில் எழுதி வைத்தால் மட்டும் டைல்ஸ் ஓடாது. விலை குறைந்தது என்பதற்காக யாரும் புதிதாகத் தரை போட மாட்டார்கள். எத்தனை சதுர அடிக்கு வரும், என்ன விலை என்று டைல்ஸ் போடும் மேஸ்திரிகளுக்குப் போன் செய்து சொல்வதுதான் வேலை செய்யும். எந்த வீட்டில் எந்த அளவு அறை பாக்கி நிற்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

விற்பதற்கு முன்பே கணக்கில் செய்யவேண்டியதும் ஒன்று உண்டு. கணக்குத் தரநிலை 2-இன்படி, ஸ்டாக்கை அடக்கவிலை அல்லது விற்றால் செலவு போகக் கைக்கு வரும் தொகை, இவற்றில் எது குறைவோ அந்த மதிப்பில்தான் காட்டவேண்டும். அதையும் சரக்கு வாரியாகப் பார்க்கவேண்டும். 42 பெட்டிக்கு 450-இல் ஏற்றுக்கூலி 10 ரூபாய் போனால் 440. குறைவு 160, மொத்தம் 6,720. வெளிறிய 18 பெட்டி 300-க்குத்தான் போகும் என்றால் கூலி போக 290. குறைவு 310, மொத்தம் 5,580. ஆக, மார்ச் 31-இல் இந்த இரண்டு லாட்டுக்கும் 12,300 ரூபாய் ஒதுக்கவேண்டும். "ஒரு வருடத்துக்கு மேல் கிடந்த எல்லாவற்றுக்கும் பத்து சதவீதம்" என்று பொத்தாம்பொதுவாகப் போடும் ஒதுக்கீட்டுக்கு வருமான வரியில் கேள்வி வரும். லாட் எண், கடைசி பில் தேதி, கம்பெனி நிறுத்திய அறிவிப்பு, கேட்ட விலை எல்லாம் ஒரு தாளில் இருந்தால் பதில் சொல்லலாம்.

இந்த ஒதுக்கீடு கடையில் ஒரு வேலை செய்கிறது. புத்தக மதிப்பு 440 ஆகிவிட்டபின், 450-க்கு விற்கும் நாளில் கணக்கில் நஷ்டமே தெரியாது. ஒதுக்காவிட்டால், விற்றவர் தலையில் 6,720 ரூபாய் நஷ்டம் விழுந்ததுபோல் தெரியும். அதற்குப் பயந்தே யாரும் விற்க மாட்டார்கள். உண்மையில் நஷ்டம் நடந்தது டிசைன் நின்ற அன்று.

மிச்சம், உடைந்த 3 பெட்டி. இதை நேரடியாகக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளினால் 1,800 ரூபாயோடு முடியாது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(h) பிரிவின்படி, அழிந்த, எழுதித் தள்ளிய, இலவசமாகக் கொடுத்த சரக்குக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. வாங்கியபோது எடுத்த 18 சதவீதம், 324 ரூபாய், திரும்பக் கட்டவேண்டும். வெறும் ஒதுக்கீடு போட்டால் இந்தப் பிரச்சினை வராது. எவ்வளவு குறைந்த விலையானாலும் பில் போட்டு விற்றாலும் வராது. மொட்டை மாடியில் வெயில் தாங்க உடைந்த டைல்ஸ் பதிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பெட்டி 60 ரூபாய் என்று பில் போட்டுக் கொடுத்தால் 180 ரூபாய் வரும், 324-உம் தப்பும். பொடிந்துபோனதை மட்டும் எழுதித் தள்ளினால் போதும். அதற்கும் போட்டோவும் எண்ணிக்கையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் குப்பை லாரியில் ஏற்றவேண்டும்.